ஏரிக்கரையில் நாலு சுற்று

ஜனவரி 4, ஞாயிறு

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி இன்று 21.1 கிலோமீட்டர் ஓடினேன். ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆகவே நாலு சுற்று, அதற்கு மேல் கொஞ்சம். சுற்றுக்கு எடுத்த நேரம்: 27:30, 29:40, 32:50, 35:30. கடைசி 1.1 கிலோமீட்டருக்கு மட்டும் 7:40. மொத்தம் 2:13:10.

முதல் சுற்றில் வேகமாக ஓடுகிறேன் என்றே தெரியவில்லை. குளிர்காற்று, ஓய்வெடுத்த கால்கள், எல்லாம் சுகமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் தொடை இறுகிவிட்டது. மூச்சைப் பிடிக்க வேகத்தைக் குறைத்தும் பழைய நிலைக்கு வரவே இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

கூட ஓடும் அண்ணனிடம் கணக்கைக் காட்டினேன். "முதல் சுற்றிலேயே மொத்தத்தையும் செலவழிச்சிட்டே தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுத் தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பையே அதிகம் எரிக்கும். அது கொஞ்சம்தான் இருக்கும். இங்கே சுமார் 2,100 மீட்டர் உயரம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு, அதனால் சமவெளியில் தாங்கும் வேகமே இங்கே மூச்சு வாங்க வைக்கும்.

கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்பது இலக்கு. முதல் சுற்றை மட்டும் 31 நிமிடத்தில் ஓட வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

ஏரியிலிருந்து கோக்கர்ஸ் வாக் வரை ஏறி இறங்கினேன். ஏற்றத்தில் 6 நிமிட வேகத்தைப் பிடித்துத் தொங்கினால் பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. மேட்டில் கடிகாரத்தை மறந்துவிட்டு மூச்சை ஒரே சீராக வைப்பதே வழி. சம வேகக் கணக்கெல்லாம் ஏரிக்கரை மாதிரி மட்டமான சாலைக்குத்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

அண்ணன் சைக்கிளில் கூடவே வந்தார். மரத்தடியிலும் வளைவிலும் ஜிபிஎஸ் காட்டும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அதைப் பார்க்கவில்லை. படகுத் துறையைத் தாண்டும்போது மட்டும் நேரம் பார்த்தேன். நடுநடுவே அண்ணன் ஏதாவது கேட்பார். முழு வாக்கியமாகப் பதில் வர வேண்டும், வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்றார். "ரெண்டு தோசை, கொஞ்சம் சாம்பார், அப்புறம் ஒரு வாழைப்பழம்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது.

முதல் சுற்றில் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். கால் தானாகவே அவர்கள் பின்னால் இழுத்தது. அந்த 30 நிமிடம் அடக்கி ஓடுவதுதான் இன்றைக்கு மிகக் கடினமான வேலை.

சுற்றுகள்: 30:50, 30:25, 30:10, 29:40. கடைசித் துண்டு 6:10. மொத்தம் 2:07:15. ஜனவரி 4 ஓட்டத்தோடு ஒப்பிட்டால் முதல் சுற்றில் 3 நிமிடம் 20 விநாடி விட்டுக்கொடுத்தேன், முடிவில் 5 நிமிடம் 55 விநாடி மிச்சம். நாலாவது சுற்றில் அண்ணன் கேட்ட கேள்விக்கு "ஆமா" என்று மட்டும்தான் சொன்னேன்.