இரண்டு எடிட், ஒரு பக்கத் திரை: மானாமதுரைக் கடம் காணொளியைச் சோதித்த அனுபவம்

மானாமதுரையில் கடம் செய்வதைப் பற்றிய எனது ஆறு நிமிடக் காணொளியின் இரண்டு எடிட்டுகளில் எதை வெளியிடுவது என்பதைச் சிறு குழுவுக்குப் போட்டுக் காட்டி முடிவு செய்யும் வேலை ஒருவழியாக நிறைவடைந்தது. வெளியிட்ட எடிட்டை எந்த நொடிவரை எத்தனை விழுக்காட்டினர் பார்த்தார்கள் என்று காட்டும் யூடியூப் வரைபடமும் கைக்கு வந்துவிட்டது. அறையில் கண்டது ஓரிடத்தில் அப்படியே பலித்தது, மற்றோரிடத்தில் தலைகீழாயிற்று. தலைகீழான இடம்தான் எனக்கு அதிகம் கற்றுத் தந்ததால், அதுவரை வந்த வழியையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் எடிட் வேலையின் வரிசைப்படியே செல்வது: கண்மாயில் மண் எடுப்பது, மிதித்துப் பிசைவது, சக்கரத்தில் வனைவது, உள்ளே கல்லை அணை கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டிச் சுவரைச் சீராக்குவது, சூளை, கடைசியில் சுருதி பார்ப்பது. இரண்டாவது எடிட்டில், சுட்டு வந்த கடத்தைத் தட்டிப் பார்த்து அதன் சத்தம் பிடிக்காமல் ஒதுக்கி வைக்கும் இறுதிக் காட்சியின் 22.5 நொடியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, கண்மாய்க் காட்சியை அதே அளவுக்கு வெட்டினேன். இறுதிக் காட்சி தன் இடத்திலும் மீண்டும் வருகிறது. ஆகவே 45ஆம் நொடிக்குப் பிறகு இரண்டு எடிட்டும் ஒரு ஃபிரேம்கூட மாறாமல் ஒன்றே. அந்த ஒற்றுமை பின்னால் எனக்கு மிகவும் கைகொடுத்தது. இசை, நிறத் திருத்தம், தொடக்கம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு 'எது நன்றாக இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு எது வேலை செய்தது என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு தம்பி, நீ எது போட்டாலும் பாப்போம்' என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதை எந்த அளவுகோலில் வைப்பது? அதனால், 1969இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடருக்காக ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் கையாண்ட முறையை எடுத்துக்கொண்டேன். குழந்தை பார்க்கும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரை வைத்து, 7.5 நொடிக்கு ஒரு படம் மாறும்படி ஓடவிட்டு, குழந்தையின் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போவதுதான் அந்த முறை. அந்தத் தொடரின் சோதனை நிகழ்ச்சிகளில் தெருக் காட்சிகள் வரும்போது குழந்தைகளின் கவனம் சரிவது தெரியவந்ததால்தான், மனிதர்கள் மட்டுமே இருந்த அந்தத் தெருவுக்குள் பொம்மைப் பாத்திரங்கள் கொண்டுவரப்பட்டன. ஈர்ப்புக்குப் போட்டியாக இன்னொன்றைப் பக்கத்தில் வைக்காமல் கவனத்தை அளக்க முடியாது என்பதே இதன் அடிப்படை. வெறும் அறையில் ஒரே ஒரு திரையை வைத்தால், மரியாதைக்காகவேனும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கத் திரைக்காகச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பழைய 19 அங்குல மானிட்டரைப் பார்சலில் வரவழைத்தேன். விஜிஏ கேபிளோடு அனுப்புவதாகச் சொன்ன கடைக்காரர் கேபிளை மட்டும் தனியாகப் பணம் கட்டினால்தான் அனுப்புவேன் என்றதும், மானிட்டரின் ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருந்ததும் வேறு கதை. கவனத்தைத் திருப்பும் வேலைக்கு அது போதும்.

உண்மையில் என் பொறுமையைச் சோதித்தது, அந்தப் பக்கத் திரையில் எந்தப் படங்களை ஓட்டுவது என்பதுதான். முதலில் மலை, கடல், வயல் என்று இயற்கைக் காட்சிகளை வைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் எந்நேரமும் காணொளியையே பார்த்தால் இரண்டு எடிட்டுக்கும் முழு மதிப்பெண் விழுந்து வேறுபாடே தெரியாமல் போய்விடும். அடுத்து நகை வடிவமைப்புகளையும் பழைய கல்யாண ஆல்பப் படங்களையும் வைத்தேன். காணொளியைப் பார்க்க ஆளில்லை. கடைசியாகப் பழைய நாள்காட்டிப் படங்கள், கோயில் தேர்கள், சந்தைக் கூட்டங்கள் ஆகியவற்றின் கலவை நடுவாக அமைந்தது. நடுவாக அமைந்ததா என்பதை அறிய, கூடை முடைவது பற்றிய மூன்று நிமிடக் காணொளி ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்தேன். அதை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நேரம் பார்க்கும் அளவுக்குப் பக்கத் திரை இழுத்தால் போதும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் இடம் இருக்கும்.

படங்களின் வரிசையை ஒவ்வொருவருக்கும் குலுக்கி மாற்ற வேண்டும் என்பதை இந்த முறையைக் கையில் எடுப்பவர்கள் மறக்கக் கூடாது. வரிசை ஒன்றாகவே இருந்தால், தேர்ப் படம் எல்லோருக்கும் 2:15இல்தான் வரும். எல்லோரும் அதே நொடியில் திரும்புவார்கள். எடிட்டில் அந்த இடம் தொய்வாக இருக்கிறது என்று நாம் நினைத்து, நல்ல காட்சியை வெட்டிவிடுவோம்.

ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உட்கார வைத்தேன். எட்டுப் பேரைச் சேர்த்து உட்கார வைத்தால், ஒருவர் திரும்பியதும் பக்கத்தில் இருப்பவரும் திரும்புவார். பிறகு அது எட்டுப் பேரின் தரவாக இருக்காது, ஒரு குழுவின் தரவாகத்தான் இருக்கும். ஒருவருக்கே இரண்டு எடிட்டையும் காட்டுவதும் உதவாது. இரண்டாவது முறை பார்க்கும்போது அவருக்குக் கதை தெரிந்துவிடுகிறது. எனவே முதல் எடிட்டுக்கு எட்டுப் பேர், இரண்டாவதற்கு வேறு எட்டுப் பேர் என்று சீட்டுப் போட்டுப் பிரித்தேன். எல்லோரும் கூடைக் காணொளியை முதலில் பார்த்தார்கள்.

முகங்களைத் திரைக்குக் கீழே வைத்த கைப்பேசி பதிவு செய்தது. கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே பதிவு செய்வதால், எடிட் மென்பொருளில் போட்டதும் படம் மெல்ல விலகிப் போகும். 7.5 நொடித் துண்டுகளாக எண்ணும் வேலையில் அந்த விலகல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஃபிரேம் வேகத்தை நொடிக்கு 25 என்று நிலையாக்கும் இந்தக் கட்டளையை முதலில் ஓட்டிவிடுவது நல்லது:

```
ffmpeg -i face.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 20 -c:a aac face25.mp4
```

அதன் பிறகு, எந்த எடிட் ஓடுகிறது என்பது தெரியாத ஒரு நண்பரிடம் ஒலியை அணைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டிலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் கண் காணொளியின் பக்கம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆறு நிமிடத்துக்கு ஒருவருக்கு 48 துண்டுகள்.

முதல் 45 நொடியில் ஆறு துண்டுகள், எட்டுப் பேருக்கு 48. முதல் எடிட்டில் 31 துண்டுகளிலும் இரண்டாவதில் 40 துண்டுகளிலும் கண் காணொளியில் இருந்தது. அதாவது 65 விழுக்காடு, 83 விழுக்காடு. துள்ளிக் குதிக்கத் தோன்றும் வேறுபாடுதான். ஆனால் கூடைக் காணொளியிலேயே முதல் குழு 70 விழுக்காடும் இரண்டாவது குழு 76 விழுக்காடும் பார்த்திருந்தன. இரண்டாவது குழுவில் சீட்டு விழுந்தவர்கள் இயல்பாகவே சற்று நிலையாகப் பார்ப்பவர்கள். அதைக் கழித்தால் 18 புள்ளிகளாக இருந்த வேறுபாடு 12 புள்ளிகளாகச் சுருங்குகிறது. 45ஆம் நொடிக்குப் பிறகு, ஒரே மாதிரியான பகுதியிலும் 71, 74 என்று மூன்று புள்ளி இடைவெளி இருந்தது. எடிட்டில் வேறுபாடே இல்லாத இடத்தில் இவ்வளவு ஆட்டம் இருந்தால், வேறுபாடு இருக்கும் இடத்தில் எவ்வளவை நம்புவது என்பதை அது நிதானமாகச் சொல்லிவிட்டது.

தனித் துண்டுகளை நம்புவது இன்னும் ஆபத்தானது. 30ஆம் நொடியில் தொடங்கும் துண்டில் முதல் எடிட்டை எட்டில் நான்கு பேரும் இரண்டாவதை எட்டில் ஏழு பேரும் பார்த்தார்கள். காகிதத்தில் பெரிய வெற்றி. ஆனால் பதினாறு பேரில் பதினொருவர் பார்ப்பது என்பதை நிலையாக வைத்துக்கொண்டு, எடிட்டுகளுக்குள் எந்த வேறுபாடும் இல்லை என்றே கொண்டாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன இடைவெளி நூற்றுக்கு ஏறத்தாழ 28 முறை தற்செயலாகவே விழும். 48 துண்டுகளைப் பெருக்கி 384 தரவுகள் இருப்பதாக எண்ணுவதும் கணக்கில் செல்லாது. ஒரு திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவுக்கு அதையே தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் டேனியல் ஆண்டர்சனும் அவருடன் இருந்தவர்களும் 1970களிலேயே காட்டியிருக்கிறார்கள். முன் துண்டில் பார்த்தவர் அடுத்ததிலும் பார்ப்பார். இரண்டும் தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஆகவே ஒருவருக்கு ஓர் எண் என்று சுருக்கி, தொடக்கத்தில் பார்த்த விகிதத்திலிருந்து அவரது கூடைக் காணொளி விகிதத்தைக் கழித்து, பதினாறு பேரை எட்டு எட்டாகப் பிரிக்கக்கூடிய 12,870 வழிகளிலும் அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டேன். எனக்குக் கிடைத்த அளவுக்கோ அதற்கு மேலோ வேறுபாடு வந்தவை நூற்றுக்கு ஒன்பது. பந்தயம் கட்டலாம், சத்தியம் செய்ய முடியாது. இரண்டாவது எடிட்டை வெளியிட்டேன்.

யூடியூப் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்ததும் முதலில் உறைத்தது, இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன என்பது. 30ஆம் நொடியில் 58 விழுக்காட்டினர் எஞ்சியிருந்தார்கள். அறையில் கண்ட 83 விழுக்காட்டுக்கு எதிரே இதை நிறுத்தக் கூடாது. அறையில் திரும்பியவர் மீண்டும் திரும்பி வருகிறார். இணையத்தில் போனவர் பெரும்பாலும் போனவர்தான். என் அறைக்கு வந்தவர் வருவதற்கு ஒப்புக்கொண்டு வந்தவர், யூடியூபில் வந்தவரோ சிறுபடத்தைப் பார்த்து இது வேறு ஏதோ என்று நினைத்துத் தொட்டவராகவும் இருக்கலாம். எனவே அளவை விட்டுவிட்டு, சரிவு எங்கே விழுகிறது என்பதை மட்டும் ஒப்பிட்டேன்.

மண் பிசையும் பகுதி, 1:50 முதல் 2:20 வரை, இரண்டிலும் பள்ளமாக இருந்தது. ஒரே கோணத்தில் கால்கள் மண்ணை மிதிப்பதைத் தவிர அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அறை சொன்னது இங்கே பலித்தது.

மரப்பலகையால் தட்டும் பகுதிதான் தலைகீழ். நான்காவது நிமிடத்தில் அறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நாள்காட்டிப் படங்களின் பக்கம் திரும்பிவிட்டார்கள். பார்வை விகிதத்தின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. யூடியூபில் அதே இடத்தில் கோடு சரியாமல் நேராகச் சென்றது. சிறிய மேடுகூடத் தெரிந்தது. சிலர் பின்னே இழுத்து மீண்டும் பார்த்திருக்க வேண்டும். காரணம், காணொளி முடிந்ததும் அறையில் நான் கொடுத்த கேள்வித்தாளிலேயே இருந்தது. சுவர் ஒரே கனமாக இல்லாவிட்டால் கடத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, அந்தப் பகுதியில் திரும்பியிருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே சரியாகப் பதில் சொல்லியிருந்தார்கள். கண் நாள்காட்டியிலும் காது கடத்திலும் இருந்திருக்கிறது. ஆண்டர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 1979இல் குழந்தைகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள்: பொம்மைகள் பக்கத்தில் இருந்தபோது குழந்தைகள் ஏறத்தாழப் பாதி நேரமே திரையைப் பார்த்தார்கள், ஆனாலும் நிகழ்ச்சியைப் புரிந்துகொண்டதில் குறைவில்லை. சத்தமே கதை சொல்லும் காணொளிக்குக் கண்ணை மட்டும் அளக்கும் முறை பொருந்தாது என்பதற்கு, கடத்தைவிடப் பொருத்தமான பொருள் எனக்குக் கிடைத்திருக்காது.

எந்த எடிட் மேலானது என்ற மூலக் கேள்விக்கு இணையம் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் வெளியிட்டது ஒன்றைத்தான். யூடியூபில் சிறுபடங்களை ஒன்றோடொன்று ஓடவிட்டுச் சோதிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஒரே காணொளியின் இரண்டு வெட்டுகளை அப்படி மோதவிட முடியாது. இரண்டையும் தனித்தனியாக ஏற்றினால் அவை இரண்டு காணொளிகள். ஒவ்வொன்றுக்கும் யூடியூப் வேறு வேறு ஆட்களை அனுப்பும்.

அதனால் அடுத்ததாக, பட்டியலிடப்படாத இரண்டு இணைப்புகளைத் தயார் செய்து, ஒரே பக்கத்தைத் தொடுபவர்களைக் குலுக்கல் முறையில் ஆளுக்கொரு எடிட்டுக்கு அனுப்பும் சிறிய நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அறையிலும் ஒரு மாற்றம்: பக்கத் திரைக்குப் பதிலாகக் கையில் ஒரு டேப்லெட்டும், தொட்டால் வேறு காணொளிக்குத் தாவும் ஒரு பொத்தானும் தரப்போகிறேன். அப்போது திரும்புவதும் விட்டுப் போவதும் பிரிந்து தெரியும். தாவிச் செல்லும் அந்த வேறு காணொளிகளுக்கும் நாள்காட்டிப் படங்களுக்கு நேர்ந்த அதே தொல்லை காத்திருக்கிறது. இதுவரை பிடித்து வைத்தவற்றில் சமையல் காணொளிகள் அனைத்தும் அளவுக்கு மீறி இழுக்கின்றன.