ரெண்டு பேர் ரீடிங்கும் ஒண்ணு போல வந்துச்சு, ரெண்டும் தப்பு

பாளையங்கோட்டை பக்கம் எங்க தண்ணி லேப், அஞ்சே பேரு. என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கதால லேப் சரியா செய்யுதான்னு சோதிக்க வெளியில இருந்து மதிப்பு சொல்லாம அனுப்புற பிடி சாம்பிளை செஞ்சு ரிசல்ட் அனுப்பணும். போன ரவுண்டுல டோட்டல் ஹார்ட்னஸ்ல, அதாவது தண்ணியோட கடினத்தன்மையில, நாங்க குடுத்தது 228, சாம்பிள் அனுப்புனவங்க மதிப்பு 212, அவங்க வச்ச விலகல் அளவு, எஸ்டி, 5. கழிச்சு வகுத்தா இசட் ஸ்கோர் 3.2. ரெண்டுக்குள்ள இருந்தா சரி, மூணைத் தாண்டுனா ஃபெயில்.

செஞ்சது புதுசா வந்த பொண்ணு. எனக்கு மொதல்ல அவ மேலதான் சந்தேகம், டைட்ரேசன்ல நிறம் மாறுற எண்ட்பாயிண்ட்ட தாண்டி ஊத்திருப்பான்னு நெனச்சேன். அவ திறன் ஃபைலை எடுத்துப் பாத்தா ஒரு குறையும் இல்ல, பயிற்சி, கூட இருந்து பாத்தது, பத்து சாம்பிள் சீனியரோட சேந்து செஞ்சு வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்ள, கடைசியா அனுமதி ஷீட்ல என் கையெழுத்து.

அவளே கேட்டா, "அண்ணாச்சி, நானும் பெரியண்ணாச்சியும் ஒரே ரீடிங்தான எடுத்தோம், அப்போ அவுகளும் தப்புத்தான?"

மிச்சம் இருந்த பிடி சாம்பிள்ல 50 மில்லி எடுத்து சீனியர் டைட்ரேட் பண்ணாரு, 11.4 மில்லி. அதே 228. டைட்ரேசனுக்கு ஊத்துற ஈடிடிஏ கரைசலைப் புதுசா கரைச்சு கால்சியம் கார்பனேட்டை வச்சு ஸ்டாண்டர்டைஸ் பண்ணிட்டு செஞ்சா 10.6 தான். பழைய பாட்டிலை செக் பண்ணோம். 10 மில்லி ஸ்டாண்டர்டுக்கு 10 தான் போவணும், 10.75 போச்சு. அதாவது கரைசலோட பலத்தைச் சொல்ற ஃபேக்டர் 1.00 இல்ல, 0.93. பிளாஸ்டிக் பாட்டில் உடைஞ்சு போச்சுன்னு யாரோ சாதா கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சிருக்காங்க, ஈடிடிஏ கண்ணாடில இருந்தே கால்சியத்த இழுத்துக்கும், நாள் ஆக ஆக பலம் கொறையும். ரெஜிஸ்டர்லயோ வாராவாரம் ஃபேக்டர் 1.00, அதுக்குக் கீழ வரிசையா டிட்டோ.

ரெண்டு பேரும் ஒரே பாட்டில்ல இருந்து செஞ்சா ஒத்துத்தான வரும், அதைப் போயி திறமைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தாமிரபரணி தண்ணி ஹார்ட்னஸ் கம்மியான தண்ணி, அதுல 7 சதவீதம் ஏறுனா ரெண்டு மூணுதான் கூடும், யார் கண்ணுலயும் படாது. ராதாபுரம் பக்கத்து கிணத்துத் தண்ணிலதான் வெளிய தெரியும்.

அந்த பாட்டில் ஓடுன நாளுக்குள்ள குடுத்த ரிப்போர்ட்டு எல்லாத்தையும் தோண்டுனோம். ஒரு கிணறு 209ன்னு போயிருக்கு, உண்மையில 194. குடிதண்ணிக்கான ஐஎஸ் 10500ல ஏத்துக்கற அளவு 200, நாங்க அதைத் தாண்டிருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். ஃபோன் போட்டா அவரு சாஃப்ட்னர் மெஷினுக்கு விலை கேட்டுட்டு இருக்காரு, நல்லவேளை இன்னும் வாங்கல. திருத்துன ரிப்போர்ட்ட நானே கொண்டு போயி குடுத்துட்டு வந்தேன், மோர் குடுத்தாரு.

இப்போ அனுமதி குடுக்கதுக்கு முன்னாடி, வேற பேட்ச் ஸ்டாண்டர்டுல நானே கலந்து மதிப்பச் சொல்லாம ஒரு சாம்பிள் குடுக்கேன். சீனியருக்கும் சேத்துத்தான். அதுல அவருக்கு இன்னும் மனத்தாங்கல், "இருவது வருசமா டைட்ரேசன் பண்ணுதவனுக்கு பரிச்சையால"ன்னு ப்யூரெட்டைப் பாத்தே பேசுதாரு.