நாலாம் நாள்தான் தெரிந்தது: எங்கள் கறுப்பியும் வதக்கிய வெங்காயமும்

கறுப்பி எங்கள் வீட்டு நாய். ஊர்ச்சாதிதான், ஐந்து வயது. போன மாரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பம் சாப்பிட வருகிறதென்று ஆட்டிறைச்சிக் கறிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். கோப்பாய்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் அரைக் கிலோ உரித்து, உள்ளியும் தட்டிப் போட்டு, எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, தாச்சியோடு பின் விறாந்தையில் இறக்கி வைத்தேன். இறைச்சியைக் கழுவிக்கொண்டு கிணற்றடியில் இருந்து வந்தபோது தாச்சியில் பாதியைக் காணவில்லை. கறுப்பி நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வெங்காயம்தானே, செமிச்சுப் போகும்" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மிச்சத்தோடு கறி வைத்தோம், விருந்தும் முடிந்தது. பின்நேரம் கனடாவில் இருக்கும் தம்பி கதைக்கும்போது இதைச் சொன்னேன். அவன் பதறிப்போனான். "அக்கா, அது நாய்க்கு நஞ்சு. டொக்டரோட உடன கதை."

அப்போது ஆறு மணித்தியாலம் கடந்திருந்தது. மிருக வைத்தியர் தொலைபேசியில் முதலில் கேட்டது நேரத்தைத்தான். தின்று ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைத்திருப்பாராம். இனி அதில் பெரிய பலன் இல்லை. வீட்டில் உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்கவைக்க வேண்டாம், அதுவே நாயைக் கொல்லக்கூடும் என்றும் சொன்னார். அடுத்த கேள்வி: "நாய் எத்தனை கிலோ? வெங்காயம் எத்தனை கிராம்?"

கறுப்பியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நான் தனியே ஏறிக் கழித்துப் பார்த்தேன். 11 கிலோ. வெங்காயத்தைக் கணக்குப் பார்ப்பதில்தான் நான் பிழை விட்டேன். வதங்கிச் சுருங்கியதைக் கண்ணால் மதித்து "நூறு கிராம் வரும்" என்றேன். "வதக்கினதைச் சொல்லாதேங்கோ, பச்சையா எவ்வளவு போட்டனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். வதக்கும்போது போவது பெரும்பாலும் தண்ணீர்தான். நஞ்சான கந்தகப் பொருள்கள் சூட்டில் அழிவதில்லை. அரைக் கிலோவில் பாதி என்றால் 250 கிராம். 11ஆல் பிரித்தால் நாயின் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 23 கிராம்.

நாய்களில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் போனால் இரத்தத்தில் பாரதூரமான மாற்றம் வரும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாங்கள் அதன் நடுவில் நின்றோம். கிலோவுக்கு 5 கிராம், அதாவது உடல் நிறையில் அரை வீதம், ஒரே தடவையில் போனாலே தன்னிடம் கதைக்க வேண்டும் என்றார் டொக்டர். கறுப்பிக்கு அது 55 கிராம், ஆறேழு சின்ன வெங்காயம். கறியில் கிடந்த ஒரு துண்டை நக்கியதற்கு ஓட்டோ பிடித்து ஓட வேண்டியதில்லை என்பதும் இதே கணக்கில் இருந்துதான் வருகிறது.

அடுத்த நாள் காலை கொண்டுபோனோம். இரவு இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தாள், வயிறும் இளகியிருந்தது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 வீதம், நாய்க்கு இயல்பான அளவு. எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. டொக்டர் நிம்மதிப்படவில்லை. "இண்டைக்கு நல்லாத்தான் இருக்கும். மூண்டாம், நாலாம் நாளைப் பாருங்கோ" என்றார்.

உள்ளே நடப்பதை அவர் இப்படி விளக்கினார். வெங்காயத்தில் உள்ள பொருள் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் துருப்பிடிக்க வைப்பதுபோல் கெடுக்கிறது. கெட்டது திரண்டு அணுவின் ஓரத்தில் ஒரு மொட்டுப்போல ஒட்டும். அதற்கு ஹைன்ஸ் துணிக்கை என்று பெயர். மொட்டு விழுந்த அணுக்கள் தாமாகவே உடையும், அல்லது மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழிக்கும். இதெல்லாம் சேர்ந்து வெளியே தெரிய நாட்கள் செல்லும். வாய்க்குள் முரசின் நிறத்தையும் சலத்தின் நிறத்தையும் காலையும் மாலையும் பார்த்து எழுதிவைக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கறுப்பி துள்ளித் திரிந்தாள். புதன் விடிய எழும்பவில்லை. முரசு வெள்ளைத் துணிபோல வெளிறியிருந்தது. வேலியோரம் போன சலம் பால் விடாத தேத்தண்ணி நிறம். அம்மா பரசிற்றமோல் அரைக் குளிசை கொடுப்போமா என்று கேட்டார். நல்ல காலம், டொக்டரிடம் கேட்டுவிட்டோம். அந்த மருந்தும் சிவப்பணுவை இதே வழியில் தாக்குமாம். பூனைக்கென்றால் ஒரு குளிசையே உயிரை எடுக்கும்.

அன்று இரத்தம் 24 வீதம். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. நம்மூரில் நாயின் சலம் கறுத்து முரசு வெளிறினால் முதலில் நினைப்பது உண்ணிக் காய்ச்சலைத்தான். அதிலும் சிவப்பணு உடையும், வெளியே தெரிவதும் இதேபோலத்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் மருந்து வெங்காய நஞ்சுக்கு உதவாது. கறுப்பியின் காதில் உண்ணியும் இருந்தது. டொக்டர் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நீலச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். எனக்கும் காட்டினார். அணுக்களின் விளிம்பில் கடும் நீலப் பொட்டுகள். கிருமி எதுவும் அகப்படவில்லை. வெங்காயம் தின்ற கதையை நாங்கள் சொல்லியிராவிட்டால் அந்தச் சாயத்தை எடுத்திருப்பாரோ தெரியாது.

இந்த நஞ்சுக்கு முறிப்பு மருந்து இல்லை. சலைன் ஏற்றினார்கள், சத்திக்கு ஊசி போட்டார்கள், ஓடவிடாமல் கட்டிவைக்கச் சொன்னார்கள். இன்னும் இறங்கி மூச்சு வாங்கினால் வேறு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டும் என்பதால் மாமி வீட்டுப் பெரிய நாயைக் கேட்டுவைத்திருந்தோம். வியாழன் 21 வீதம். வெள்ளியும் 21. அந்த ஒரே எண்ணைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, இறக்கம் நின்றிருந்தது. அடுத்த கிழமை 28, மூன்று கிழமையில் 38.

இதற்கிடையில் அயலட்டைப் பெரியம்மா ஒருவர், "உண்ணிக்கு உள்ளி அரைச்சுக் குடு பிள்ளை, நாங்கள் எல்லாம் அப்பிடித்தான்" என்றார். அவர் அன்பாகச் சொன்னதுதான். ஆனால் உள்ளியும் வெங்காயத்தின் இனம், நிறைக்கு நிறை அதைவிட வீரியமானது. 2000ஆம் ஆண்டு ஜப்பானியர் செய்த ஓர் ஆய்வில் நாய்களுக்குக் கிலோவுக்கு 5 கிராம் உள்ளிக்குச் சமமான சாற்றை ஏழு நாள் கொடுத்தபோது சிவப்பணுக்கள் இப்படியே கெட்டன. ஆனாலும் அந்த நாய்களுக்கு இரத்தச்சோகை முற்றவில்லை. கறுப்பியின் நிறைக்கு அது நாளுக்கு 55 கிராம். ஆகவே ஒரு பல்லு உள்ளி அவளை விழுத்தாது. ஆனால் அணுக்கள் ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் நாய்க்கு, உண்ணியைப் போக்கும் என்று உறுதியாகாத ஒன்றை ஏன் கொடுப்பான்?

எனக்கு இப்போது பயம் எங்கள் பூனையை நினைத்துத்தான். பூனையின் ஹீமோகுளோபின் நாயினதைவிட எளிதில் கெடுவது. அதற்குக் கிலோவுக்கு 5 கிராமே போதும். எங்கள் பூனை 3 கிலோ, ஆகவே 15 கிராம், இரண்டு சின்ன வெங்காயம். சோற்றில் மீன்குழம்பும் சொதியும் பிசைந்து நாளாந்தம் வைத்துக்கொண்டிருந்தோம். ஒரேயடியாகத் தின்றால்தான் என்றில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் அணுக்கள் கெட்டுக்கொண்டே வரும். நாங்கள் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு வைப்போம், குழம்பில் இறங்கிய சாறு அப்படியே இருக்கும்.

இப்போது மீன் வெட்டியவுடன் தலையும் வாலும் தனிச் சட்டிக்குப் போகிறது, தண்ணீரும் மஞ்சளும் மட்டும். இறைச்சி என்றால் அம்மாவே முதல் நாலு துண்டை அவித்து ஆறவைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வெங்காயத்தில் கத்தி வைக்கிறார்.