ஐந்து பவுண்டு எட்டு அவுன்ஸ்

அக்டோபர் 14, 2024, திங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம், எடை 5.8 பவுண்டு. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. டாலஸில் அப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். காது மந்தமானதால் பவுண்டு என்பது பவுனாக விழுந்திருக்கிறது. "அஞ்சு பவுனா? பிறந்த உடனேயே நகை போட்டாச்சாக்கும்?" என்று கேட்டாள். தங்கக் கணக்கில் ஐந்து பவுன் நாற்பது கிராம்தான் என்று எண்ணி நானும் சிரித்துவிட்டேன்.

குழந்தைக்காகத் தைத்து வைத்திருந்த நோட்டில் முதல் பக்கத்தை இன்றே எழுதினேன். ஒரு பவுண்டு 453.6 கிராம். அதை 5.8 ஆல் பெருக்கினால் 2631 கிராம் வருகிறது. பேனாவில், அழுத்தமாக எழுதினேன். பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

விசா பற்றி ஒன்றும் இல்லை. மழையும் இல்லை.

அக்டோபர் 16, புதன்

மகள் பேசினாள். குரல் களைத்திருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கிளம்பும்போது எடை ஐந்து பவுண்டு மூன்று அவுன்ஸ் என்றாள். பக்கத்தில் குழந்தை அழுததால் அதற்குமேல் பேச்சு நீளவில்லை.

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஐந்து பவுண்டுக்கு 2268 கிராம், மூன்று அவுன்ஸுக்கு 85 கிராம், கூட்டினால் 2353. பிறந்தபோது 2631. மூன்று நாளில் 278 கிராம் குறைந்திருக்கிறது. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் பத்தரைக்குமேல். பிறந்த முதல் சில நாள்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு என்பதும், நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் பால் போதுமான அளவு இறங்குகிறதா என்று மருத்துவர்கள் விசாரிப்பார்கள் என்பதும் முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்த எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்ததனால்தான் கணக்கை நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் அதே விடை வந்தது. இரவு உணவு இறங்கவில்லை. அவர் என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

நேற்று இரவு தூக்கம் பிடிக்காமல் கிடந்தபோது ஒன்று உறுத்தியது. மகள் அவுன்ஸ் என்று சொன்னாள். மாப்பிள்ளை புள்ளி வைத்து எழுதியிருந்தார். இரண்டும் ஒரே மருத்துவமனைத் தராசிலிருந்து வந்த எண்கள். ஒருவருக்கு அவுன்ஸாக இருப்பது மற்றவருக்கு ஏன் தசமமாக வேண்டும்?

காலையில் அம்மாவிடம், ஒரு ராத்தலுக்கு எத்தனை அவுன்ஸ் என்று கேட்டேன். சிறு வயதில் கொழும்பில் தாத்தாவின் கடையில் ரொட்டியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவள். பவுண்டு என்றால் தெரியாது, அதையே ராத்தல் என்றால் எண்பத்தாறு வயதிலும் கண் விரியும். "பதினாறு. அரை ராத்தலுக்கு எட்டு. இது கூடத் தெரியாமலா ஏட்டி நீ மருந்து கட்டுன?" என்றாள்.

அரை ராத்தலுக்கு எட்டு. அதுதான் விஷயம். எட்டு அவுன்ஸ் என்பது பவுண்டில் பாதி, அதாவது 5.5 பவுண்டு. 5.8 பவுண்டு என்று நான் படித்ததோ, ஐந்து பவுண்டும் ஏறக்குறைய பதின்மூன்று அவுன்ஸும் ஆகிறது. மாப்பிள்ளை வைத்த புள்ளி தசமப் புள்ளி அல்ல, பவுண்டையும் அவுன்ஸையும் பிரிக்க வைத்த வெறும் புள்ளி. நாம் மணியை 5.30 என்று எழுதுவதில்லையா, அதைப் போல. ஐந்தரை மணியை யாரும் ஐந்து மணியும் பத்தில் மூன்று பங்கும் என்று படிப்பதில்லை. நான் எடையில் அப்படிப் படித்துவிட்டேன்.

ஆனாலும் இது என் ஊகம்தான். புள்ளிக்குப் பின்னால் 11 என்றோ 14 என்றோ இருந்திருந்தால் அது அவுன்ஸ்தான் என்று உடனே பிடிபட்டிருக்கும். ஒற்றை இலக்கம் இருந்தால் இரண்டில் எது என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. தொட்டிலில் எழுதி மாட்டியிருந்த அட்டையைப் படம் எடுத்திருந்தால் அனுப்பச் சொல்லி மாப்பிள்ளைக்குச் செய்தி போட்டேன். அங்கே நள்ளிரவு. மாலைவரை காத்திருக்க வேண்டும்.

மாலை: படம் வந்தது. இளஞ்சிவப்பு அட்டையில் ஐந்துக்குப் பக்கத்தில் எல், பி என்ற இரண்டு எழுத்துகள். அதுதான் பவுண்டு, லிப்ரா என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். அதற்கு அடுத்து எட்டும், ஓ, இசட் என்ற எழுத்துகளும். எல்லாவற்றையும் அவுன்ஸாக்கிப் பார்த்தேன். ஐந்தைப் பதினாறால் பெருக்கினால் எண்பது, எட்டைக் கூட்டினால் எண்பத்தெட்டு. ஓர் அவுன்ஸுக்கு 28.35 கிராம். 2495 கிராம்.

அப்படியானால் குறைந்தது 278 கிராம் அல்ல, 142 கிராம்தான். நூற்றுக்கு ஆறுகூட இல்லை. நேற்றைய இரவு முழுக்க ஒரு புள்ளிக்காகப் போயிருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. 2495.

2500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்று பதிவேட்டில் எழுதுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கோடும் அதுதான். ஐந்து கிராம் வித்தியாசம். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டித் தண்ணீர். நேற்று மாலையிலிருந்து அந்த ஐந்து கிராமைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

காலையில் வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டு வந்தபின் நிதானமாக யோசித்தேன். வழக்கமாக முதலில் எழுதிய காகிதம்தான் எனக்குப் பெரிது, பிறகு பெயர்த்து எழுதியது அல்ல. அந்த அட்டையில் இருப்பதே பெயர்த்து எழுதியதாக இருந்தால்? இந்தக் காலத்து மருத்துவமனைத் தராசுகள் கிராமிலும் காட்டும். செவிலியர் கிராமில் பதிந்துகொண்டு, வீட்டாருக்குப் புரியட்டும் என்று பவுண்டில் அட்டை எழுதுவது உண்டு. அப்படி எழுதும்போது பக்கத்து முழு அவுன்ஸாக்கிவிடுவார்கள். ஓர் அவுன்ஸ் இருபத்தெட்டு கிராமுக்குமேல் இருக்கிறது. ஆகவே எட்டு அவுன்ஸ் என்று எழுதப்பட்ட எடை, ஏழரை அவுன்ஸ் முதல் எட்டரை அவுன்ஸ் வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். கிராமில் சொன்னால் 2481 முதல் 2509 வரை. 2500 என்ற கோடு அதற்கு உள்ளேயே ஓடுகிறது.

எனவே நான் எழுதிய 2495 என்பதன் கடைசி இலக்கம் தராசு சொன்னதல்ல, என் பெருக்கல் சொன்னது. ஓர் அவுன்ஸை 28.349523 என்று ஆறு தசமம்வரை எடுத்துப் பெருக்கினாலும் அட்டையில் இல்லாத துல்லியம் வந்துவிடாது. நான் மருந்து கட்டிய நாள்களில் மிக்சரை அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி, ஏட்டில் முப்பது மில்லி என்று எழுதுவோம். அது திரவ அவுன்ஸ், கொள்ளளவு. எடை அவுன்ஸ் வேறு. பழக்க தோஷத்தில் நேற்று முதலில் முப்பதால் பெருக்கப் போய், பிறகு கையை இழுத்துக்கொண்டேன்.

மகளிடம் கேட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதங்களில் கிராம் என்று எங்கேனும் போட்டிருக்கிறதா என்று. "அம்மா, எல்லாம் எங்கயோ பைக்குள்ள கெடக்கு" என்றாள். பச்சை உடம்புக்காரியிடம் காகிதம் தேடச் சொல்லும் தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு வலியுறுத்தவில்லை.

அக்டோபர் 19, சனி

பேசவில்லை. அவள் தூங்கட்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

அவளே தேடி எடுத்துப் படம் அனுப்பியிருக்கிறாள். பிறப்பு எடை 2505 கிராம். அனுப்பும் நாளின் எடை 2345 கிராம்.

சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை. 2505ஐ 28.35 ஆல் வகுத்தால் 88.36 அவுன்ஸ். எண்பது அவுன்ஸ் ஐந்து பவுண்டுக்குப் போக, மீதி 8.36. முழுமையாக்கினால் ஐந்து பவுண்டு எட்டு அவுன்ஸ். அட்டையில் தவறில்லை. 2345ஐ அதேபோல் வகுத்தால் 82.7, முழுமையாக்கினால் 83, அதாவது ஐந்து பவுண்டு மூன்று அவுன்ஸ். மகள் சொன்னதும் தவறில்லை. குறைந்தது 160 கிராம், நூற்றுக்கு ஆறரைக்குச் சற்றுக் குறைவு.

2505. கோட்டுக்கு மேலே ஐந்து கிராம். குழந்தையின் உடம்பில் இதனால் எதுவும் மாறவில்லை என்று எனக்கே தெரியும். 2495 ஆக இருந்திருந்தாலும் இதே குழந்தைதான், இதே பால்தான். இருந்தும் பூஜை அறைக்குப் போய் விளக்கை ஏற்றினேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது மூன்று எண்கள். 2631ஐ ஒரே கோட்டால் அடித்தேன், படிக்கும்படியாக. 2495ஐயும் அப்படியே. மருந்து ஏட்டில் தவறைச் சுரண்டி அழிக்கக் கூடாது என்பது எங்கள் காலத்துப் பழக்கம். 2505க்குப் பக்கத்தில் "காகிதப்படி" என்று எழுதினேன். அடுத்த பக்கத்தை நான்கு பத்திகளாகக் கோடு போட்டேன். தேதி, அவர்கள் சொன்னபடி எடை, கிராம், அந்தக் கிராம் தராசினுடையதா என் கணக்கா என்ற குறிப்பு. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பேத்தி வந்தால் ரேஷன் கடையில் வேலை வாங்கிக் கொடுக்கப் போகிறாயா என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

நல்ல மழை. முற்றத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறது. விசா பற்றி இன்றும் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பார்கள். திங்கட்கிழமை அந்த இரண்டு வாரம் முடிகிறது. அங்கே அன்று மருத்துவரிடம் போகிறார்கள். 2505, 2505 என்று அடுக்களையில் வாய் முணுமுணுக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு முறுக்கு சுடும் வேலைக்கு நடுவே மாப்பிள்ளையின் செய்தி. "5.10 அத்தை, நல்லா இருக்கா."

கை மாவோடு மனம் ஒரு நொடி நின்றது. பழையபடி கைபேசியில் 5.10 என்று அடித்தால் கடைசிப் பூஜ்யத்துக்கு அங்கே மதிப்பில்லை, 5.1 என்றாகி 2313 கிராம் என்று காட்டும். பிறந்த எடைக்குக் கீழே, வீட்டுக்கு வந்த எடைக்கும் கீழே. ஐந்து பவுண்டு ஓர் அவுன்ஸும் ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒன்றாகிவிடும்.

கையைக் கழுவிவிட்டுக் காகிதத்தில் போட்டேன். எண்பதும் பத்தும் தொண்ணூறு. தொண்ணூறை 28.35 ஆல் பெருக்க, 2551. கிராம் பத்தியில் பென்சிலால் எழுதினேன், பக்கத்தில் "என் கணக்கு" என்று. மருத்துவர் கொடுத்த காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் செய்தி போட்டிருக்கிறேன். எண்ணெய் காய்கிறது, அம்மா கூப்பிடுகிறாள்.