கிணற்றிலிருந்து மேல்தாங்கிக்கு: அரைக் குதிரைவலு மோட்டர் செய்யும் வேலை எவ்வளவு?

ஒரு மாடி வீடு. பிளாற்றின் மேல் கட்டிய தூண்களில் 1000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி. கீழே கட்டுக்கிணறு, அதன் பக்கத்தில் அரைக் குதிரைவலு மோட்டர். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் ஏற்பாடு இதுதான். தண்ணீர் ஏறுகிறது, ஆனால் மெதுவாக ஏறுகிறது. ஒரு குதிரைவலு மோட்டராக மாற்றினால் சரிவரும் என்பதுதான் வழமையான ஆலோசனை. மாற்றுவதற்கு முன் இருக்கிற மோட்டர் என்ன செய்கிறது என்று அளந்து பார்த்த கணக்கு இது.

அளக்க வேண்டியவை இரண்டே இரண்டு: ஒரு செக்கனுக்கு ஏறும் தண்ணீரின் திணிவு, அது ஏறும் உயரம்.

உயரத்தில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். மோட்டரிலிருந்து தாங்கி வரை அளப்பது ஒரு பிழை. கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்விலிருந்து அளப்பது இன்னொரு பிழை. புட்வால்வு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் கணக்கில் வராது. அந்த ஆழத்துக்குக் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. எனவே கிணற்று நீர்மட்டத்திலிருந்து தாங்கிக்குள் தண்ணீர் விழும் குழாய்வாய் வரைதான் உயரம். நூலில் ஒரு நட்டைக் கட்டி இறக்கியதில், கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் 5.0 மீற்றர். கட்டு நிலத்திலிருந்து 0.8 மீற்றர் உயரம். ஆகவே நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 4.2 மீற்றர். குழாய்வாய் நிலத்துக்கு மேலே 7.3 மீற்றர். மொத்தம் 11.5 மீற்றர். இது ஆவணி மாத அளவு. இறைக்க இறைக்க நீர்மட்டம் கொஞ்சம் இறங்கும் என்பதால், இறைத்துக்கொண்டிருக்கும்போது பாதி நேரத்தில் அளந்தது.

திணிவுக்குத் தாங்கியையே அளவுப் பாத்திரமாக்கலாம். உள்விட்டம் 110 சென்ரிமீற்றர் என்பதால் நீர்மட்டம் 63 சென்ரிமீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய 600 லீற்றர், அதாவது 600 கிலோகிராம். வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இடையில் யாராவது பைப்பைத் திறந்தால் அந்த அளவு வீண். எடுத்த நேரம் 16 நிமிடம் 40 செக்கன், அதாவது 1000 செக்கன். செக்கனுக்கு 0.6 கிலோகிராம்.

```
P = m × g × h / t
P = 0.6 × 9.81 × 11.5 = 67.7 W
```

தண்ணீருக்குப் போய்ச் சேரும் வலு 68 வாற்றுக்கும் குறைவு. திடகாத்திரமான ஒருவர் தொடர்ந்து செய்யக்கூடிய வேலையின் அளவும் கிட்டத்தட்ட இதுதான். துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்களின் உழைப்பு இதை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மோட்டர் மின்சாரத்திலிருந்து எடுப்பது எவ்வளவு? வீட்டு மின் மீற்றரின் முகத்தில் 1600 imp/kWh என்று இருந்தது. ஒரு யூனிட்டுக்கு அதன் சிவப்பு வெளிச்சம் 1600 தடவை மின்னும் என்பது அதன் பொருள். ஒரு யூனிட் 3,600,000 யூல் என்பதால் ஒரு மின்னலுக்கு 2250 யூல். பிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ணியதில் 20 மின்னலுக்கு 90 செக்கன்.

```
20 × 2250 / 90 = 500 W
```

500 வாற்று உள்ளே போய் 68 வாற்று பயனாகிறது. வினைத்திறன் 13.5 சதவீதம். தகட்டில் உள்ள 0.5 HP, அதாவது 373 வாற்று, மோட்டரின் அச்சு தரக்கூடிய வலு. அது மின்சாரத்திலிருந்து எடுக்கும் வலுவும் அல்ல, தண்ணீருக்குக் கிடைக்கும் வலுவும் அல்ல. சிறிய பம்பில் பாதிக்கு மேல் வீணாவது வழமைதான். என்றாலும் இது மிகக் குறைவு.

காரணம் குழாயில் இருந்தது. கிணற்றிலிருந்து மோட்டருக்கு ஒரு அங்குலக் குழாய், மோட்டரிலிருந்து தாங்கிக்கு முக்கால் அங்குலக் குழாய். மேலே போகும் குழாயின் நீளம் 22 மீற்றர், அதில் ஏழு எல்போ. உள்விட்டம் 21 மில்லிமீற்றரில் செக்கனுக்கு 0.6 லீற்றர் ஓடினால் உராய்வு மட்டும் ஏறக்குறைய 3.5 மீற்றர் உயரத்துக்குச் சமம். எல்போக்களையும் வால்வையும் சேர்த்தால் 4.5 மீற்றர். பம்பைப் பொறுத்தவரை தாங்கி 11.5 மீற்றரில் இல்லை, 16 மீற்றரில் இருக்கிறது.

மேலே போகும் குழாயை உள்விட்டம் 28 மில்லிமீற்றர் வரும் ஒரு அங்குலக் குழாயாக மாற்றினோம். அதே ஓட்டத்துக்கு உராய்வு நாலில் ஒரு பங்காகிவிடும், ஆனால் ஓட்டம் அதே அளவில் நிற்காது. எதிர்ப்புக் குறைந்ததும் பம்ப் கூடுதலாகத் தள்ளும், கூடிய ஓட்டம் உராய்வைத் திரும்பவும் கொஞ்சம் கூட்டும். புதிதாக அளந்ததில் 600 லீற்றருக்கு 12 நிமிடம், செக்கனுக்கு 0.833 கிலோகிராம். தண்ணீருக்குக் கிடைத்த வலு 94 வாற்று. மீற்றரில் 20 மின்னலுக்கு 86 செக்கன், அதாவது 523 வாற்று. மோட்டர் எடுக்கும் வலு கூடியதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மையநீக்கப் பம்ப் கூடுதல் தண்ணீர் தள்ளும்போது கூடுதல் வலு எடுக்கும். ஓடும் நேரம் குறைந்ததால் 600 லீற்றருக்கான செலவு 0.139 யூனிட்டிலிருந்து 0.105 யூனிட்டுக்கு இறங்கியது.

பழைய குழாயிலேயே ஒரு குதிரைவலு மோட்டரைப் பூட்டியிருந்தால்? ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும், 4.5 மீற்றர் 16 மீற்றராகும். மோட்டரின் கூடுதல் பலத்தில் பெரும்பகுதி குழாய்ச் சுவரில் தேய்ந்து போகும்.

புதிதாக மோட்டர் வாங்குபவர்கள் இதைப் பின்பக்கமாகப் போடலாம். 1000 லீற்றர் 20 நிமிடத்தில் ஏற வேண்டுமென்றால் செக்கனுக்கு 0.833 கிலோகிராம். உயரம் 11.5, குழாய் உராய்வுக்கு 2, மொத்தம் 13.5 மீற்றர். வேண்டிய வலு 110 வாற்று. பம்பின் வினைத்திறனை 35 சதவீதம் என்று வைத்தால் அச்சில் 315 வாற்று, அதாவது 0.42 குதிரைவலு. அரைக் குதிரைவலு போதும். ஆனால் தகட்டில் அல்லது பெட்டியில் உள்ள அதிகபட்ச உயரத்தையும் அதிகபட்ச ஓட்டத்தையும் சேர்த்து நம்பக்கூடாது. அந்த உயரத்தில் ஓட்டம் பூச்சியம், அந்த ஓட்டத்தில் உயரம் பூச்சியம். 13.5 மீற்றரில் எவ்வளவு வரும் என்பதைப் பம்பின் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

நீர்மட்டம் இறங்கும்போது இன்னொரு எல்லையும் உண்டு. உறிஞ்சுவது உண்மையில் வளிமண்டல அமுக்கம் தள்ளுவதுதான். அதன் உச்சம் 10.3 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றர் அளவுதான். மோட்டருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் அதற்கு மேல் போனால் எத்தனை குதிரைவலு பூட்டினாலும் பயனில்லை. மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டுப் போட்டு இறக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும், நிரம்பும் நேரத்தையும் 20 மின்னலுக்கான நேரத்தையும், தாங்கி மூடியின் உட்பக்கத்தில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு நேரமும் கூடினால், அதாவது தண்ணீரும் குறைந்து மோட்டர் எடுக்கும் வலுவும் குறைந்தால், உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று இழுக்கிறது அல்லது ஏதோ ஓரிடத்தில் அடைப்பு. காற்று என்றால் குழாய்வாயில் தண்ணீர் குமிழியோடு வரும். குமிழி இல்லையென்றால் முதலில் புட்வால்வின் சல்லடையைப் பார்க்க வேண்டும். கேத்திலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு குழாயிலும் படிவதால், வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்தால் அதுதான். தண்ணீர் குறைந்து வலு மட்டும் கூடினால் பெயரிங்கைப் பார்க்க வேண்டும். மாரியில் நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே ஒன்றரை மீற்றர் வரை ஏறினால் உயரம் 8.8 மீற்றராகிவிடும். அப்போதும் 600 லீற்றருக்கு 12 நிமிடம் எடுத்தால் ஏதோ பழுது தொடங்கிவிட்டது.