920-ல் தொடங்கிய அச்சு

"தம்பி, இதுல என்ன தெரியுது? ஏழு பட்டையும் ஒரே உசரம்."

மூத்த ஆசிரியர் சொன்னதில் தப்பில்லை. பாடத்தில் இருந்த 1951 முதல் 2011 வரையிலான இந்தியாவின் பாலின விகித அட்டவணையை ஸ்லைடுக்காகப் பட்டை வரைபடமாக்கி, செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்க வைத்தது நான்தான். 1951-ல் ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள், 1991-ல் 927. பட்டை பத்து சென்டிமீட்டர் என்றால் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். கீழக்கரையிலிருந்து தொண்டி வரை எந்தப் பள்ளியிலும் கடைசி பெஞ்சுக்கு அது தெரியாது.

அவர் படத்தில் அச்சு 920-ல் தொடங்கியது. எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சின் அடியைப் பூஜ்யத்திலிருந்து மேலே தூக்கிவிடும். அவர் இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தார். இப்போது 1951-ன் பட்டை 26 அலகு, 1991-ன் பட்டை 7 அலகு. பார்க்கிற பிள்ளைக்குப் பெண்கள் கால்வாசியாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் குறைந்தது நூற்றுக்கு இரண்டு.

"பட்டைன்னா நீளத்தைத்தான் சார் பார்ப்பாங்க, அடியை வெட்டக் கூடாது" என்றேன். "அப்ப சரிவை எப்படிக் காட்டுவே?" என்றார்.

கோட்டு வரைபடம் போட்டேன். கோட்டில் கண் சரிவைத்தான் பார்க்கிறது, அதனால் பூஜ்யம் கட்டாயமில்லை. அச்சு 920 முதல் 950 வரை, ஓரத்தில் 'அச்சு 920-ல் தொடங்குகிறது' என்று ஒரு குறிப்பு. சரி, முடிந்தது என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு பையன், "91-ல ரொம்ப மோசம் போல சார், தரையைத் தொடப் போகுதே" என்றான். குறிப்பை அவன் படிக்கவே இல்லை.

ஆனால் 'ரொம்ப மோசம்' என்பது பொய்யா? 1991-ல் ஆண்கள் 43 கோடிக்கு மேல். ஆயிரத்துக்கு 19 என்றால் 80 லட்சம் பெண்களுக்கு மேல் வருகிறது. அதை இரண்டு மில்லிமீட்டராகக் காட்டிய என் முதல் படம்தான் நேர்மையானது என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஒரு வழி தோன்றியது. ஆயிரத்துக்கு எத்தனை குறைவு என்பதையே பட்டையாகப் போடலாம்: 1951-ல் 54, 1991-ல் 73, 2011-ல் 57. அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறது, ஏற்ற இறக்கமும் தெரிகிறது. ஆனால் ஆயிரம்தான் சரியான அளவு என்று யார் சொன்னது? கேரளத்தில் 2011-ல் 1084. அதைச் சேர்த்தால் பட்டை பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும்.

இந்த வருஷமும் கோட்டு வரைபடம்தான் வைத்திருக்கிறேன், குறிப்பைத் தலைப்பு அளவுக்குப் பெரிதாக்கி. அவர் இன்னும் 920 பட்டையைத்தான் காட்டுகிறார். 1991-ஐப் பற்றிக் கேட்டால் அவர் வகுப்புப் பிள்ளைகள்தான் டக்கென்று பதில் சொல்கிறார்கள்.