நண்பர் கொடுத்த எண்

சிங்கப்பூரின் தேக்காவில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் என் வாடிக்கையாளர் ஒருவர், ஜனவரித் தொடக்கத்தில் தம் நண்பரின் எண்ணை அனுப்பினார். நண்பர் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்துபவர். "போன வருஷ விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டிவிட்டதாம். ஜிஎஸ்டி பற்றி ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் பேசுங்கள் தம்பி" என்றார்.

"நான் தொடர்புகொள்வேன் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா அண்ணே? உங்களுக்கு நான் செய்யும் வேலையில் எதைச் சொல்லலாம்?" என்று கேட்டேன். அன்று மாலையே நண்பரிடம் சொல்லிவிட்டார். காலாண்டு ஜிஎஸ்டி கணக்கை நான் பார்ப்பதை மட்டும் சொல்லலாம் என்றார்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன். அண்ணனின் முழுப்பெயர் முதல் வரியிலேயே இருந்தது. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

"வணக்கம் ஐயா. தேக்கா மசாலாக் கடை அண்ணன் உங்கள் எண்ணைக் கொடுத்தார். அவருடைய காலாண்டு ஜிஎஸ்டி கணக்கைச் செய்து தருகிறேன். ஒரு காலண்டர் ஆண்டில் வரிக்குரிய விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால், அடுத்த ஜனவரி 30-க்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இது பொருந்துமா என்று விற்பனைக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குக் கட்டணம் இல்லை. இந்த வாரம் பதினைந்து நிமிடம் பேச முடியுமா? தேவையில்லை என்றால் ஒரு வரி போதும். மீண்டும் தொந்தரவு செய்ய மாட்டேன்."

அவருடைய விற்பனை பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதவில்லை. எழுதியிருந்தால், தம் கணக்கை நண்பர் வெளியாளிடம் சொல்லிவிட்டார் என்றுதான் அவர் முதலில் நினைத்திருப்பார். பெயரைக் கடன் கொடுத்தவருக்கு அப்படியொரு சங்கடம் வரவிடக் கூடாது. விதியைப் பொதுவாகச் சொன்னாலே, தாண்டியவருக்கு உறைத்துவிடும்.

பதில் அன்றே வந்தது. நேரில் சந்தித்தபோது, "அவரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்றுதான் ஆரம்பித்தார். அறிமுகத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். அண்ணனின் கட்டணத்தை நான் சொல்ல முடியாது என்று விளக்கி, ரசீதுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து என் கட்டணம் எப்படி மாறும் என்று காட்டினேன். அறிமுகத்துக்காக அண்ணனுக்கு நான் பணம் தருவதில்லை என்பதையும் அவர் கேட்காமலே சொன்னேன். அதன் பிறகுதான் கணக்குப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

மாத விற்பனைகளைக் கூட்டிப் பார்த்தோம். தாண்டித்தான் இருந்தது. தாமதித்தால் பதிவைப் பின்தேதியிட்டு, வாடிக்கையாளர்களிடம் வசூலிக்காத 9 சதவீதத்தையும் அவரே கட்ட நேரும் என்று சொன்னேன். அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கினோம்.

அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "உங்கள் நண்பரைச் சந்தித்தேன், நன்றி." "விற்பனை எவ்வளவாம்?" என்று கேட்டார். அதை அவரிடமே கேட்டுக்கொள்ளும்படி சொன்னேன்.